பேசும் போர்ட்டும் பேசாத போர்ட்டும்

இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரு கேபிளுக்குப் பதிலாக இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஈதர்நெட்டில் அப்படி நடக்காது. இரண்டு தனித்தனிப் பாதைகள் இருந்தால், எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பி வந்து சுற்றத் தொடங்கிவிடும். இந்தச் சுழலைத் தடுப்பதற்காகவே ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு, இரண்டில் ஒரு கேபிளை மூடி வைத்துவிடுகிறது. காசு கொடுத்துப் போட்ட இரண்டாவது கேபிள், முதலாவது அறும்வரை சும்மா கிடக்கும்.

இரண்டு கேபிளையும் உழைக்க வைக்க வேண்டுமானால், அவை இரண்டும் ஒரே பாதைதான் என்று இரு முனை ஸ்விட்சுகளையும் நம்பவைக்க வேண்டும். இரண்டு புரிகளைத் திரித்து ஒரே கயிறாக்குவது போல, பல இணைப்புகளைக் கட்டி ஒரே இணைப்பாகக் காட்டும் இந்த முறையை 1990களின் தொடக்கத்தில் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அன்று வைத்த ஈதர்சேனல் என்ற பெயர் இன்றும் சிஸ்கோ கருவிகளில் நிற்கிறது. வேலை செய்பவர்கள் வாயில் அது போர்ட் சேனல். சர்வர் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அது டீமிங் அல்லது பாண்டிங்.

இந்தக் கட்டைப் போடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது ஸ்டாட்டிக். 'இந்த இரண்டு போர்ட்டும் ஒரு கட்டு' என்று ஸ்விட்சுக்குச் சொல்லிவிட்டால் போதும். அது எதிர்முனையிடம் எதையும் கேட்காது, எதையும் சொல்லாது. கேபிளில் மின்தொடர்பு இருந்தால் கட்டு தயார் என்று எடுத்துக்கொள்ளும். சிஸ்கோ கருவிகளில் இதற்கான சொல் `on`.

இரண்டாவது எல்.ஏ.சி.பி. 2000ஆம் ஆண்டு ஐ.இ.இ.இ. அமைப்பு 802.3ad என்ற எண்ணில் வெளியிட்ட நெறிமுறை இது; 2008இல் 802.1AX என்ற தனித் தரநிலைக்கு மாறியது. இதில் இரு முனைகளும் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. நான் யார், எந்தக் கட்டைச் சேர்ந்த போர்ட் இது, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன என்ற மூன்றும் அந்தச் செய்தியில் இருக்கும். வேக முறையில் நொடிக்கு ஒன்று, நிதான முறையில் 30 நொடிக்கு ஒன்று என்று அவை போய்க்கொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று தவணை செய்தி வராவிட்டால், அதாவது 3 நொடி அல்லது 90 நொடி ஆகிவிட்டால், எதிர்முனையைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தது காலாவதியாகிவிடும். இதில் `active` என்று அமைத்த போர்ட் தானே பேச்சைத் தொடங்கும். `passive` என்று அமைத்தது, பேசினால் பதில் சொல்லும்.

பேசிக்கொள்வதில் என்ன லாபம் என்பது ஒரு தவறான கேபிளை நினைத்துப் பார்த்தால் புரியும். கட்டில் இருக்க வேண்டிய இரண்டாவது கேபிளை ஒருவர் அடுத்த ரேக்கில் உள்ள வேறு ஸ்விட்சில் செருகிவிடுகிறார். ஸ்டாட்டிக் கட்டுக்கு இது தெரியவே தெரியாது; விளக்கு எரிகிறது, ஆகவே சரி. எல்.ஏ.சி.பி. பேசும் ஸ்விட்சோ, முதல் போர்ட்டில் வந்த அடையாளமும் இரண்டாவதில் வந்த அடையாளமும் வேறு வேறு என்று கண்டு, இரண்டாவதைக் கட்டில் சேர்க்காது.

சிக்கல் எழுவது ஒரு முனையில் ஸ்டாட்டிக்கும் மறுமுனையில் எல்.ஏ.சி.பி.யும் அமைந்துவிடும்போது. எல்.ஏ.சி.பி. முனை தன் செய்தியை அனுப்புகிறது. ஸ்டாட்டிக் முனை அதைப் பொருட்படுத்துவதில்லை, பதிலும் அனுப்புவதில்லை. `active` என்று அமைத்திருப்பதால் வற்புறுத்திப் பேசவைத்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. ஸ்டாட்டிக் போர்ட்டில் அந்த மொழியே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

பதில் வராத நிலையில் எல்.ஏ.சி.பி. போர்ட் என்ன செய்ய வேண்டும்? பலரும் நினைப்பதற்கு மாறாக, போர்ட்டை நிறுத்திவை என்று தரநிலை கட்டளையிடவில்லை. எதிர்முனை பேசாவிட்டால், அந்தப் போர்ட் கட்டில் சேராத தனிப் போர்ட்டாக இயங்க அது இடம் தருகிறது. நிறுத்திவைப்பது கருவி செய்பவர்கள் எடுத்துக்கொண்ட தற்காப்பு. சிஸ்கோவின் நெக்ஸஸ் ஸ்விட்சுகளில் இதற்கு `lacp suspend-individual` என்ற கட்டளையே இருக்கிறது. கேட்டலிஸ்ட் வரிசையில் எது இயல்பு என்பது மாடலையும் மென்பொருள் பதிப்பையும் பொறுத்தது.

அந்தத் தற்காப்பு இல்லாவிட்டால் நடப்பதைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இடப்பக்க ஸ்விட்ச் ஸ்டாட்டிக், அதன் கண்ணில் இரண்டு கேபிளும் ஒன்று. வலப்பக்க ஸ்விட்சின் கண்ணில் அவை இரண்டு தனிப் போர்ட்டுகள். இடப்பக்கத்துக் கணினி ஒன்று எல்லோருக்குமான ஒரு செய்தியை அனுப்புகிறது. அது முதல் கேபிள் வழியே வலப்பக்கம் போகிறது. வலப்பக்க ஸ்விட்ச் தன் கடமைப்படி, வந்த போர்ட் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அதை அனுப்புகிறது. அவற்றில் ஒன்று இரண்டாவது கேபிள். எனவே செய்தி, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல இடப்பக்கத்துக்கே திரும்புகிறது. இடப்பக்க ஸ்விட்ச் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, தன்னோடு நேரடியாக இணைந்திருக்கும் கணினி இப்போது கட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த கணம் அந்தக் கணினிக்கு வரும் செய்திகள் தப்பான திசையில் போகின்றன. கணினி மறுபடி ஏதாவது அனுப்பினால் குறிப்பு சரியாகிறது, பிறகு மறுபடி கெடுகிறது. ஸ்விட்சின் பதிவேட்டில் `MACFLAP_NOTIF` என்ற வரி வந்துகொண்டே இருக்கும். பயனாளிகளோ நெட்வொர்க் சில சமயம் வருகிறது, சில சமயம் போகிறது என்பார்கள். கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு அதுதான்.

ஸ்பானிங் ட்ரீ இதைத் தடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. இடப்பக்க ஸ்விட்ச் தன் ஸ்பானிங் ட்ரீ செய்தியைக் கட்டு முழுவதற்கும் ஒரே ஒரு கேபிளில்தான் அனுப்பும். வலப்பக்கத்தின் இரண்டாவது போர்ட்டுக்கு எதுவும் வராது. அங்கே வேறு ஸ்விட்ச் இல்லை என்று எண்ணி அது திறந்துகொள்ளும். காவலாளி இருந்தும் அவன் கண்ணில் படாத வாசல் அது. இதற்காகவே கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளில் `spanning-tree etherchannel guard misconfig` என்ற தனிக் காவல் வைத்திருக்கிறார்கள். கட்டு தப்பாக இருப்பதை அது கண்டுகொண்டால், `channel-misconfig` என்ற காரணம் காட்டிப் போர்ட்டுகளைப் பிழை நிலைக்குத் தள்ளி மூடிவிடும்.

இதோடு ஒப்பிட்டால் சஸ்பெண்ட் ஆவது நல்ல முடிவு. போக்குவரத்து முழுமையாக நிற்கிறது, காரணமும் எழுத்தில் வருகிறது. அதில் உள்ள ஒரே கேடு, இரு முனைகளும் இரண்டு வேறு கதைகளைச் சொல்வது.

தரவு மையங்களில் இந்த மோதல் அதிகம் நேரும் இடம் விஎம்வேர் சர்வர். ஒரு ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வரில் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். அவை வெளியுலகோடு பேச, சர்வருக்குள்ளேயே மென்பொருளாலான ஒரு ஸ்விட்ச் உண்டு. அதன் சாதாரண வகையான ஸ்டாண்டர்ட் ஸ்விட்சுக்கு எல்.ஏ.சி.பி. தெரியாது. அதில் சுமையைப் பங்கிட ஐபி ஹாஷ் முறையைத் தேர்ந்தெடுத்தால், வெளியே உள்ள ஸ்விட்சில் ஸ்டாட்டிக் கட்டு இருக்க வேண்டும். எல்.ஏ.சி.பி. வேண்டுமானால் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் வேண்டும். அதிலும் 2012இல் வந்த 5.1 பதிப்பிலிருந்துதான் அந்த வசதி. சர்வரைப் பார்ப்பவர் ஒருவர், ஸ்விட்சைப் பார்ப்பவர் வேறொருவர். 'இரண்டு போர்ட்டைச் சேனல் போட்டுக் கொடுங்கள்' என்று இவர் கேட்க, எப்போதும் செய்வது போல அவர் `active` என்று போட்டுக் கொடுக்கிறார். இருவரும் தத்தம் வழக்கப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒரு மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். சர்வரின் `vmnic0`, `vmnic1` என்ற இரண்டு நெட்வொர்க் அட்டைகள் ஒரு கேட்டலிஸ்ட் ஸ்விட்சின் 23, 24ஆம் போர்ட்டுகளில் செருகப்பட்டிருக்கின்றன. சர்வரில் ஐபி ஹாஷ் அமைத்தாயிற்று. ஸ்விட்சில் கட்டு எண் 10, `active`. அமைத்ததும் சர்வர் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகிறது. ஆனால் சர்வரின் நேரடித் திரையில் பார்த்தால் இரண்டு அட்டையும் இணைப்பில் இருப்பதாகவே காட்டக்கூடும். பின்பக்க விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். சஸ்பெண்ட் என்பது போர்ட்டின் மின்தொடர்பை அறுப்பதல்ல; தொடர்பை வைத்துக்கொண்டே அதன் வழியே எதையும் கடத்தாமல் இருப்பது. ஆகவே சர்வர் தன் செய்திகளை நம்பிக்கையோடு அனுப்பிக்கொண்டிருக்கிறது, அவை எதிர்முனையில் வீழ்கின்றன. ஒரு அட்டை செத்தால் இன்னொன்றுக்கு மாறும் ஏற்பாடும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் சர்வரின் கணக்கில் எதுவும் சாகவில்லை.

உண்மையைச் சொல்லும் முனை ஸ்விட்ச். அதன் பதிவேட்டில் இப்படி ஒரு வரி வந்திருக்கும்:

```
%EC-5-L3DONTBNDL2: Gi1/0/23 suspended: LACP currently
not enabled on the remote port.
```

தொலைமுனைப் போர்ட்டில் எல்.ஏ.சி.பி. இயங்கவில்லை, அதனால் நிறுத்திவைத்தேன் என்று அது சொல்கிறது. பதிவேட்டில் இந்த வரி பழசாகி மறைந்திருந்தாலும், `show etherchannel summary` என்று கேட்டால் நிலைமை தெரியும்:

```
Group  Port-channel  Protocol  Ports
------+-------------+---------+-------------------------
10     Po10(SD)      LACP      Gi1/0/23(s)  Gi1/0/24(s)
```

அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்துகளில் சிறியது பெரியது முக்கியம். போர்ட்டுக்குப் பக்கத்தில் சிறிய `s` என்றால் சஸ்பெண்ட். கட்டுக்குப் பக்கத்தில் பெரிய `S` என்றால் அது இரண்டாம் அடுக்குக் கட்டு என்று பொருள், `D` என்றால் இயங்கவில்லை. நலமாக இருந்தால் கட்டு `SU` என்றும் போர்ட்டுகள் `P` என்றும் இருக்கும். போர்ட்டுக்குப் பக்கத்தில் `I` என்று வந்தால் அது தனிப் போர்ட்டாக ஓடுகிறது. மேலே சொன்ன கண்ணாடிக் கோளாறுக்கு வாசல் திறந்திருக்கிறது என்று உடனே கவனிக்க வேண்டும். மறுமுனையும் ஒரு ஸ்விட்சாக இருந்து ஸ்டாட்டிக்காக இருந்தால், இதே கட்டளைக்கு அங்கே `SU`, `P` என்றே பதில் வரும். புரோட்டோகால் என்ற இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு இருக்கும். முழுக் கோளாறையும் காட்டிக்கொடுக்கும் அந்தக் கோடு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஊகத்தை உறுதிப்படுத்தச் சிறந்த சான்று எண்ணிக்கை. `show lacp counters` என்ற கட்டளை, எத்தனை எல்.ஏ.சி.பி. செய்தி அனுப்பினோம், எத்தனை பெற்றோம் என்று காட்டும். அனுப்பியது ஏறிக்கொண்டே போக, பெற்றது 0 என்றே நின்றால், எதிர்முனை பேசவில்லை என்பது உறுதி. சஸ்பெண்ட் ஆவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டு போர்ட்டின் வேகமோ விலான் அமைப்போ பொருந்தாவிட்டாலும் ஒன்று நிறுத்திவைக்கப்படலாம். அப்போது பெற்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு எண் போதும்.

எதிர்முனை லினக்ஸ் சர்வராக இருந்தால் அங்கிருந்தும் சோதிக்கலாம். எல்.ஏ.சி.பி. செய்திகள் `0x8809` என்ற வகை எண்ணோடு போகின்றன. கீழ்க்கண்ட கட்டளை அவற்றைப் பிடித்துக் காட்டும்:

```
tcpdump -i eth0 ether proto 0x8809
```

ஸ்விட்சிடமிருந்து செய்தி வந்துகொண்டிருக்க, சர்வரிலிருந்து ஒன்றும் போகாவிட்டால், சர்வரின் பாண்டிங் வேறு முறையில் அமைந்திருக்கிறது. மாறாக, சர்வர் எல்.ஏ.சி.பி. பேசி ஸ்விட்ச் ஸ்டாட்டிக்காக இருந்தால், `/proc/net/bonding/bond0` என்ற கோப்பில் கூட்டாளியின் முகவரி `00:00:00:00:00:00` என்று இருக்கும். எதிரே யாரும் பேசவில்லை என்பதை லினக்ஸ் சொல்லும் விதம் அது.

பெற்றது 0 என்றால் எதிர்முனை ஸ்டாட்டிக் என்றே முடிவுகட்டிவிடக் கூடாது. இரு முனையும் `passive` ஆக இருந்தாலும் கட்டு அமையாது. ஒருவர் பேசட்டும் என்று இருவரும் காத்திருப்பார்கள். நடுவில் வேறு கருவி இருந்தாலும் இப்படி ஆகலாம். எல்.ஏ.சி.பி. செய்திகள் `01-80-C2-00-00-02` என்ற முகவரிக்குப் போகின்றன. அந்த வரிசை முகவரிகளை ஸ்விட்சுகள் தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமே தவிர அப்பால் அனுப்பக் கூடாது என்பது விதி. ஆகவே இரு முனைகளுக்கு நடுவே ஒரு சாதாரண ஸ்விட்ச் இருந்தால், இரண்டும் சரியாகப் பேசினாலும் பேச்சு போய்ச் சேராது. வேறு கட்டடத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியே போகும் இணைப்புகளில் இதை முதலில் விசாரிப்பது நல்லது.

மாதிரி அமைப்புக்குத் திரும்பினால், சர்வரில் என்ன இருக்கிறது என்பதை இப்படிக் கேட்கலாம்:

```
esxcli network vswitch standard policy failover get -v vSwitch0
```

பதிலில் `Load Balancing: iphash` என்று வந்தால், ஸ்விட்சில் `on` தான் வேண்டும். மாற்றும்போது முறை தவறக் கூடாது. ஒரே கட்டில் ஒரு போர்ட் எல்.ஏ.சி.பி.யிலும் மற்றொன்று ஸ்டாட்டிக்கிலும் இருக்க முடியாது. ஆகவே இரண்டையும் முதலில் கட்டிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த நிலையில் அவை தனிப் போர்ட்டுகளாகத் திறந்திருக்கக் கூடாது என்பதால், அதற்கும் முன்பு மூட வேண்டும்.

```
interface range Gi1/0/23 - 24
 shutdown
 no channel-group
 channel-group 10 mode on
 no shutdown
```

இதைச் செய்பவர் அந்தக் கட்டின் வழியாகவே ஸ்விட்சுக்குள் வந்திருந்தால், `shutdown` என்று அடித்த கணமே வெளியே தள்ளப்படுவார். கன்சோல் கேபிளோ வேறு பாதையோ முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

சர்வர் பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மெய்நிகர் ஸ்விட்ச் முழுவதற்கும் ஐபி ஹாஷ் என்று அமைத்தாலும், அதற்குள் இருக்கும் ஒரு போர்ட் குரூப் தனக்கென்று வேறு முறையை வைத்துக்கொண்டிருக்கலாம். நிர்வாகத்துக்கான போர்ட் குரூப்பில் இது அடிக்கடி காணப்படுகிறது. அப்போது கட்டு நலமாக இருக்கும், மெய்நிகர் கணினிகள் ஓடும், சர்வரை நிர்வகிக்கும் முகவரி மட்டும் விட்டு விட்டு வரும். எல்லா போர்ட் குரூப்பிலும் ஐபி ஹாஷ் இருக்கிறதா, இரண்டு அட்டையும் இயங்கும் வரிசையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டாண்டர்ட் ஸ்விட்சுக்குக் கட்டே போடாமல் விடுவதுதான் பெரும்பாலான இடங்களுக்குப் பொருத்தம். விஎம்வேரின் இயல்பான முறை, ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் ஏதாவது ஒரு அட்டையோடு கட்டிவிடுகிறது. வெளியே உள்ள ஸ்விட்சுக்கு அவை இரண்டு சாதாரணப் போர்ட்டுகள். ஒரு கேபிள் போனால் மற்றதற்கு மாறிக்கொள்ளும். இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டிய அமைப்பு எதுவும் இல்லாததால் மோதவும் எதுவும் இல்லை. ஒரே மெய்நிகர் கணினி பல பேரோடு பேசி ஒரு அட்டையின் வேகத்தைத் தாண்ட வேண்டிய தேவை இருந்தால் மட்டுமே கட்டைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே என்றால் கேள்வியே இல்லை: இரு முனையிலும் எல்.ஏ.சி.பி., இரு முனையிலும் `active`.

ஏற்கெனவே ஓடும் எல்.ஏ.சி.பி. கட்டின் ஒரு முனையை மட்டும் ஸ்டாட்டிக்காக மாற்றும்போது நேரக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். மாற்றத்தில் கேபிளின் தொடர்பு அறுபடாமல் இருந்துவிட்டால், மறுமுனை உடனே எதையும் உணராது. நிதான முறையில் கடைசிச் செய்தி வந்து 90 நொடி வரை பொறுத்திருக்கும். பிறகு இன்னும் 3 நொடி அவசரமாகத் தேடிப் பார்க்கும். அதற்குப் பின்தான் எதிர்முனை இல்லை என்ற முடிவுக்கு வரும். மாற்றியவர் உடனே பிங் அடித்துப் பார்த்து, பதில் வருகிறது என்று நிம்மதியாக எழுந்து போய்விட்டால், ஒன்றரை நிமிடம் கழித்து விழும் கட்டுக்கும் தன் கைவேலைக்கும் தொடர்பிருப்பதை அவர் நினைத்தே பார்க்கமாட்டார். மாற்றிய பிறகு இரண்டு நிமிடமாவது காத்திருந்து, இரு முனையிலும் `show etherchannel summary` பார்த்துவிட்டே முடிக்க வேண்டும்.

சஸ்பெண்ட் என்ற தற்காப்பைத் தெரிந்தே தளர்த்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. வட்டில்லாமல் நெட்வொர்க் வழியே துவங்கும் சர்வர், தன் இயங்குதளம் ஏறும்வரை எல்.ஏ.சி.பி. பேசாது. இயங்குதளமோ நெட்வொர்க் வழியேதான் வர வேண்டும். போர்ட் சஸ்பெண்டில் இருந்தால் அந்தச் சர்வர் என்றைக்கும் எழாது. அங்கே நெக்ஸஸில் `no lacp suspend-individual` என்றும், புதிய கேட்டலிஸ்டுகளில் `no port-channel standalone-disable` என்றும் அந்தக் கட்டுக்கு மட்டும் கொடுத்தால், பேச்சு வராதவரை போர்ட் தனியாக ஓடும், இயங்குதளம் ஏறிப் பேசத் தொடங்கியதும் கட்டில் சேர்ந்துகொள்ளும். சர்வர் தன் இரு போர்ட்டுகளுக்கு இடையே செய்திகளைக் கடத்தாது என்பதால் அங்கே கண்ணாடிக் கோளாறுக்கு இடமில்லை. இன்னொரு ஸ்விட்சை நோக்கிய கட்டில் இந்தத் தளர்வைக் கொடுக்கவே கூடாது.